ஓர் ஆடி, இரண்டு குறி வழக்குகள்: உரும்பிராயில் ஒரு பயிற்சித்தாளின் கதை

உரும்பிராயில், பலாலி வீதியிலிருந்து உள்ளே போகும் ஓர் ஒழுங்கையில், உறவினர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்தப் பயிற்சித்தாள் என் கைக்கு வந்தது. கொண்டுவந்தவள் பதினேழு வயதுப் பெண். தகப்பன் இதே ஊர்க்காரர். போர்க்காலத்தில் படகேறித் தமிழ்நாட்டுக்குப் போனவர். முகாமிலேயே திருமணம் முடித்து, பிள்ளைகளும் அங்கேயே பிறந்து, அண்மையில்தான் ஊர் திரும்பியிருக்கிறார்கள். பிள்ளை படித்ததெல்லாம் தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடத்தில். இங்கே உயர்தரத்தில் கணிதப் பிரிவு எடுப்பதா, அதை விட்டுவிட்டுக் கலைப் பிரிவுக்குப் போவதா என்று வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அந்தப் பேச்சுக்குக் காரணமே இந்தத் தாள்தான்.

"சார்..." என்று தொடங்கியவள், "சேர்" என்று திருத்திக்கொண்டாள். "சூத்திரம் சரியாத்தான் எழுதினேன். கூட்டிக் கழிச்சதும் சரி. ஆனா எல்லா விடையும் பிழையெண்டு போட்டிருக்கு."

தாளைப் பார்த்தேன். அவள் சொன்னது உண்மை. சூத்திரம் சரி, கணக்கும் சரி, ஆனால் விடை பிழை. இது அவளுக்கு மட்டும் நேர்ந்த தவறு அல்ல. ஒரு நாட்டின் பாடப்புத்தகத்தில் தொடங்கி இன்னொரு நாட்டின் பரீட்சைக்குப் போகும் எமது பிள்ளைகள் பலர் இதே இடத்தில் இடறுகிறார்கள். இலண்டனில் இருக்கும் மாமா தொலைபேசியில் சொல்லிக் கொடுப்பதும், சென்னை ஆசிரியரின் காணொளியும், இங்குள்ள வகுப்புக் குறிப்பும் ஒரே கொப்பியில் சேரும்போதும் இதுவே நடக்கிறது. ஆகவே அந்தத் தாளில் இருந்த ஒரு கணக்கை மட்டும் எடுத்து, தவறு எங்கே நுழைகிறது, அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை ஆறுதலாகப் பார்ப்போம்.

கணக்கு இதுதான்

வளைவாரை 40 செ.மீ. உடைய ஒரு குழிவாடியின் முன்னால், முனைவிலிருந்து 30 செ.மீ. தூரத்தில், 2 செ.மீ. உயரமான ஒரு பொருள் தலைமை அச்சுக்குச் செங்குத்தாக வைக்கப்பட்டுள்ளது. விம்பத்தின் இடம், இயல்பு, உயரம் ஆகியவற்றைக் காண்க.

குவியத்தூரம் வளைவாரையின் பாதி. ஆகவே 20 செ.மீ. அவளும் அப்படித்தான் எழுதியிருந்தாள். பின்னர் 1/v + 1/u = 1/f என்ற ஆடிச் சூத்திரத்தில் u = +30 என்றும் f = −20 என்றும் இட்டு, v = −12 என்று முடித்திருந்தாள். சரியான விடை, விம்பம் ஆடியின் முன்னால் 60 செ.மீ. தூரத்தில் உண்டாகும் என்பது.

12 எங்கே, 60 எங்கே? இவ்வளவு பெரிய பிழையைச் சூத்திரம் காட்டிக் கொடுக்கவில்லை. ஆனால் கதிர்ப்படம் காட்டிக் கொடுத்திருக்கும். அவள் படம் வரையவில்லை. படத்துக்கு இரண்டு புள்ளிதானே, கணக்கைச் செய்துவிட்டுப் பிறகு வரையலாம் என்று விட்டிருக்கிறாள். பெரும்பாலான பிள்ளைகள் அப்படித்தான் செய்கிறார்கள்.

முதலில் படம்

சதுரக்கோட்டுக் கொப்பியில் ஒரு கிடைக்கோடு வரைவோம். அதுதான் தலைமை அச்சு. தூரங்களுக்கு 10 செ.மீ.ஐ 1 செ.மீ. ஆக எடுப்போம். உயரத்துக்கு உண்மை அளவையே வைத்துக்கொள்ளலாம். கிடைக்கு ஓர் அளவுத்திட்டம், நிலைக்கு வேறோர் அளவுத்திட்டம் என்று எடுப்பதில் தவறில்லை. ஆனால் அதைப் படத்தின் ஓரத்தில் எழுதிவிட வேண்டும்.

இங்கே பலர் விடும் முதல் பிழை, ஆடியை வட்டாரியால் வளைவாக வரைவது. வளைவாரை 40 செ.மீ. என்பதால் 4 செ.மீ. ஆரையில் ஒரு வில் வரைவார்கள். பிறகு அச்சுக்கு மேலே 2 செ.மீ. உயரத்தில் சமாந்தரக் கதிரை வரைந்து, தெறிப்பு விதிப்படி கோணமானியால் அளந்து தெறிகதிரைக் கீறினால், அது குவியத்தினூடாகப் போகாது. முனைவிலிருந்து 2 செ.மீ.இல் அச்சை வெட்ட வேண்டிய கதிர் ஏறத்தாழ 1.7 செ.மீ.இலேயே வெட்டும். பிள்ளை தன் கையைத்தான் சந்தேகிக்கும். கையில் குறை இல்லை. கோள ஆடியில் அச்சுக்கு அருகே படும் கதிர்கள் மட்டுமே ஒரு குவியத்தில் சந்திக்கின்றன. விளிம்பில் படுபவை ஆடிக்குக் கிட்டவே அச்சை வெட்டுகின்றன. எமது சூத்திரம் அச்சுக்கு அருகிலுள்ள கதிர்களுக்கானது. அதற்குப் பொருந்தும்படி வரைய வேண்டுமானால், முனைவில் நிற்கும் ஒரு நேர்கோட்டையே ஆடியாகக் கொண்டு, அது குழிவாடி என்று காட்ட இரு முனைகளையும் சிறிது வளைத்துவிட்டால் போதும்.

இப்போது முனைவிலிருந்து 2 செ.மீ.இல் குவியம் F, 4 செ.மீ.இல் வளைவு மையம் C, 3 செ.மீ.இல் பொருள். பொருள் F இற்கும் C இற்கும் நடுவே நிற்கிறது. பொருளின் உச்சியிலிருந்து மூன்று கதிர்கள்.

முதலாவது, அச்சுக்குச் சமாந்தரமாகப் போய் ஆடியில் 2 செ.மீ. உயரத்தில் படுகிறது, தெறித்து F இனூடாகக் கீழிறங்குகிறது. இரண்டாவது, F இனூடாகப் போய் ஆடியில் அச்சுக்குக் கீழே 4 செ.மீ.இல் படுகிறது, தெறித்து அச்சுக்குச் சமாந்தரமாகத் திரும்புகிறது. மூன்றாவது, முனைவில் பட்டு, அச்சுக்கு மேலே எந்தக் கோணத்தில் வந்ததோ அதே கோணத்தில் அச்சுக்குக் கீழே திரும்புகிறது. மூன்றும் முனைவிலிருந்து 6 செ.மீ. தூரத்தில், அச்சுக்குக் கீழே 4 செ.மீ.இல் சந்திக்கும். அதாவது உண்மையில் 60 செ.மீ. தூரத்தில், தலைகீழாக, 4 செ.மீ. உயரத்தில் ஒரு மெய்விம்பம்.

C இனூடான கதிரையும் வரையலாம். அது வந்த வழியே திரும்பும். ஆனால் இந்தக் கணக்கில் பொருளின் உச்சியையும் C ஐயும் இணைக்கும் கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் அது ஆடியை 8 செ.மீ. உயரத்தில்தான் தொடும். கொப்பியில் ஆடியை அவ்வளவு உயரமாக வரையாதவர்கள் "கதிர் ஆடியிலேயே படவில்லையே" என்று குழம்புவார்கள். எந்த இரண்டு கதிர்கள் வசதியோ அவற்றை எடுத்து, மூன்றாவதைச் சரிபார்க்க வைத்துக்கொள்வதே நல்லது.

குறி எங்கிருந்து வருகிறது

குறி என்பது யாரோ விதித்த சட்டம் என்று நினைப்பதால்தான் பிள்ளைகள் அதை மனனம் செய்து மறக்கிறார்கள். அது இந்தப் படத்திலிருந்தே பிறக்கிறது.

மேலே வரைந்த படத்தில் குறி எதுவும் வேண்டாம். எல்லாவற்றையும் வெறும் நீளமாகவே எடுப்போம். முனைவில் பட்ட கதிர் இரண்டு வடிவொத்த முக்கோணங்களைத் தருகிறது. அதன்படி விம்ப உயரத்துக்கும் பொருள் உயரத்துக்கும் உள்ள விகிதம் v/u. குவியத்தினூடாகப் போன முதலாவது கதிரும் இரண்டு வடிவொத்த முக்கோணங்களைத் தருகிறது. அதன்படி அதே விகிதம் (v − f)/f. இரண்டும் சமன். ஆகவே v/u = v/f − 1. இரு பக்கத்தையும் v ஆல் வகுத்தால் 1/u = 1/f − 1/v. அதாவது 1/v + 1/u = 1/f.

இனி அதே ஆடியின் முன்னால், குவியத்துக்கு உள்ளே, 10 செ.மீ. தூரத்தில் பொருளை வைப்போம். தெறிகதிர்கள் முன்னால் சந்திக்க மாட்டா. பின்னோக்கி நீட்டினால் ஆடிக்குப் பின்னால் சந்திப்பது போலத் தோன்றும். அந்தப் பின்பக்கத் தூரத்தின் நீளத்தை V என்போம். முனைவுக் கதிரின்படி விகிதம் V/u. குவியக் கதிரின்படி விகிதம் (V + f)/f. ஏனெனில் விம்பம் இப்போது குவியத்துக்கு எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. சமப்படுத்தினால் 1/u − 1/V = 1/f என்று வரும்.

ஒரே ஆடிக்கு இரண்டு சூத்திரங்கள். முன்னால் விம்பம் என்றால் கூட்டல், பின்னால் விம்பம் என்றால் கழித்தல். விம்பம் எங்கே விழும் என்று தெரியாமலேதானே கணக்கைத் தொடங்குகிறோம். எந்தச் சூத்திரத்தை எடுப்பது? இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் குறி. பின்பக்கத் தூரத்தை மறை எண்ணாக எழுதுவோம், v = −V என்று. உடனே இரண்டாவது சூத்திரமும் முதலாவதாகவே மாறிவிடுகிறது. குவிவாடிக்குக் குவியம் பின்னால் இருப்பதால் அதன் f உம் மறை. ஆடிக்கு முன்னால் நேர், பின்னால் மறை. மூன்று வகைப் படங்களுக்கும் ஒரே சூத்திரம். குறி வழக்கு செய்யும் வேலை இவ்வளவுதான்.

இரண்டு வழக்குகள்

இப்போது சொன்ன வழக்கில் குழிவாடிக்கு f நேர், முன்னாலுள்ள பொருளுக்கு u நேர். பழைய பிரித்தானிய வழிப் பாடநூல்கள் சொல்லும் "மெய் என்றால் நேர், மாயம் என்றால் மறை" என்ற வழக்கும் ஆடியைப் பொறுத்தவரை இதே விடையைத்தான் தரும். படுகதிருக்கு எதிரான திசையில் அளப்பதை நேர் என்று எடுப்பவர்களுக்கும் ஆடியில் குறிகள் இவைதான். வில்லைகளுக்குப் போகும்போதுதான் இந்த இரண்டும் பிரிகின்றன. அது தனிக் கதை.

தமிழ்நாட்டுப் பாடநூல் பயன்படுத்துவது கார்ட்டீசியன் குறியீட்டு மரபு. பொருளை ஆடிக்கு இடப்பக்கம் வைத்து, ஒளி போகும் திசையில் அளக்கும் தூரத்தை நேர் என்றும், ஒளிக்கு எதிரே அளக்கும் தூரத்தை எதிர்க்குறி என்றும் எடுப்பார்கள். பொருள் முனைவுக்கு இடப்பக்கம் இருப்பதால் u எப்போதும் மறை. குழிவாடியின் குவியமும் இடப்பக்கம் என்பதால் f மறை. குவிவாடிக்கு f நேர்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எமது கணக்கைச் செய்து பார்ப்போம். முன்பக்கம் நேர் என்ற வழக்கில் u = +30, f = +20. ஆகவே 1/v = 1/20 − 1/30 = 1/60; v = +60. நேர் என்பதால் முன்னால். கார்ட்டீசியன் வழக்கில் u = −30, f = −20. ஆகவே 1/v = −1/20 + 1/30 = −1/60; v = −60. மறை என்பதால் ஒளிக்கு எதிரே, அதாவது முன்னால். இரண்டும் ஒரே இடம்.

ஏன் இப்படி ஒத்துப்போகிறது? ஒரு வழக்கிலிருந்து மற்றதற்குப் போகும்போது மூன்று குறிகளும் ஒன்றாகப் புரள்கின்றன. சூத்திரத்தின் இரு பக்கத்தையும் −1 ஆல் பெருக்கியது போலத்தான்; சமன்பாடு குலையாது. உருப்பெருக்கத்தை m = −v/u என்று எடுத்தால் அதுவும் இரண்டு வழக்கிலும் −2 என்றே வரும். மறை என்றால் தலைகீழ், நேர் என்றால் நிமிர்ந்தது. (சில பழைய நூல்கள் குறியில்லாமல் m = v/u என்று அளவை மட்டும் தரும். அப்படியானால் தலைகீழா நிமிர்ந்ததா என்பதைப் படத்திலிருந்துதான் சொல்ல வேண்டும்.)

ஆகவே எந்த வழக்கு சரி என்ற கேள்விக்கு இடமே இல்லை. இரண்டும் சரி. பாதி இதிலும் பாதி அதிலும் எடுப்பதுதான் பிழை.

கணக்குச் செய்தது எந்த ஆடிக்கு?

அந்தப் பிள்ளை செய்தது அதுதான். u = +30 என்பது இங்குள்ள வகுப்பில் எழுதிய குறிப்பு. f = −20 என்பது முகாமில் படித்தபோது மனதில் பதிந்தது: "குழியாடி என்றால் குவியத்தூரம் எதிர்க்குறி." தனித்தனியே இரண்டும் உண்மை. ஒன்றாகச் சேர்த்தபோது 1/v = −1/20 − 1/30 = −1/12.

இந்த விடையை வெறும் பிழை என்று வெட்டிவிட்டால் பிள்ளை எதையும் கற்றுக்கொள்ளாது. அது என்ன சொல்கிறது என்று கேட்க வேண்டும். முன்பக்கம் நேர் என்ற வழக்கில் u = +30, f = −20 என்றால் அது குவியத்தூரம் 20 செ.மீ. உடைய குவிவாடி. அதற்கு விம்பம் பின்னால் 12 செ.மீ.இல், நிமிர்ந்து, 0.4 மடங்காகச் சிறுத்துத் தெரியும். முற்றிலும் சரியான விடை! தாளில் இருந்தது குழிவாடி. அவள் கணக்குச் செய்தது குவிவாடிக்கு. முச்சக்கரவண்டியின் பக்கக் கண்ணாடியில் பின்னால் வரும் வாகனம் சின்னதாகத் தெரிகிறதே, அந்த வகை ஆடிக்கு.

இதைச் சொன்னதும் அவள் முகம் மாறியது. "அப்ப நான் செஞ்சது வேற ஒரு கணக்கு" என்றாள். ஆம். அவளுக்குக் கணிதம் வராமல் இல்லை. கேட்கப்படாத கேள்விக்குச் சரியாக விடை எழுதியிருக்கிறாள்.

விடையைப் பார்த்த மாத்திரத்தில் பிழையைப் பிடிக்கவும் ஒரு வழி உண்டு. மிகத் தொலைவிலிருந்து வரும் ஒளி குழிவாடியில் பட்டுக் குவியத்தில் சந்திக்கிறது. பொருள் கிட்ட வரவர, அதிலிருந்து வரும் கதிர்கள் கூடுதலாக விரிந்து வருவதால் சந்திக்கும் இடம் ஆடியிலிருந்து விலகிப் போகும். ஆகவே குழிவாடியின் மெய்விம்பம் ஒருபோதும் குவியத்துக்கு உள்ளே விழாது. 20 செ.மீ. குவியத்தூரமுள்ள குழிவாடிக்கு 12 செ.மீ.இல் மெய்விம்பம் என்று வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். மாயவிம்பம் என்று வாசித்தாலும் பொருந்தாது. குழிவாடியின் மாயவிம்பம் எப்போதும் பொருளைவிடப் பெரிது. ஆகவே பொருளைவிடத் தொலைவில்தான் இருக்கும். 30 செ.மீ.இல் உள்ள பொருளுக்குப் பின்னால் 12 செ.மீ.இல் மாயவிம்பம் குழிவாடியில் நடக்காத காரியம்.

பெயரிலும் ஒரு பொறி

அவளுடைய குழப்பத்துக்குச் சொற்களும் காரணம். இங்கே தெறிப்பு என்பதை அங்கே எதிரொளிப்பு என்கிறார்கள். எமது விம்பம் அவர்களுக்குப் பிம்பம். எமது குழிவாடி அங்கே குழியாடி, குவிவாடி அங்கே குவியாடி. இவற்றை ஒரு நாளில் பழகிவிடலாம். ஆனால் இரண்டு நாட்டுப் பிள்ளைகளுக்கும் பொதுவான ஒரு பொறி இருக்கிறது. குவிவாடி என்ற பெயரைக் கேட்டதும் அது ஒளியைக் குவிக்கும் என்று மனம் எண்ணுகிறது. அப்படியல்ல. குவிவு என்பது மேற்பரப்பு வெளியே புடைத்திருப்பதைச் சொல்கிறது. குவிவாடி ஒளியை விரிக்கும், குவிப்பது குழிவாடி. வில்லையில் இது நேர்மாறு: குவிவு வில்லை ஒளியைக் குவிக்கும், குழிவு வில்லை விரிக்கும். வில்லைப் பாடத்தை முடித்துவிட்டு ஆடிக்குத் திரும்பும் பிள்ளை "குவிவு என்றால் குவிக்கும்" என்று f இற்குக் குறியிட்டால் மறுபடியும் மற்ற ஆடியின் கணக்கையே செய்யும். சாப்பாட்டுக் கரண்டியின் உட்பக்கத்தில் முகம் தலைகீழாகத் தெரியும், வெளிப்பக்கத்தில் நிமிர்ந்து சின்னதாகத் தெரியும் என்பதை ஒருமுறை பார்த்து வைத்தால் இந்தச் சந்தேகம் எழாது.

"இரு மடங்கு" என்ற கேள்வி

அதே தாளின் அடுத்த கேள்வி குறியின் பெறுமதியை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. அதே குழிவாடி பொருளின் இரு மடங்கு உயரமான விம்பத்தைத் தருமானால் பொருள் எங்கே இருக்க வேண்டும்? மெய்விம்பமா மாயவிம்பமா என்று கேள்வியில் சொல்லப்படவில்லை.

பலர் ஒரு விடையுடன் நிறுத்திவிடுவார்கள். ஆனால் இரண்டு உண்டு. விம்பம் தலைகீழ் என்றால் m = −2; ஆகவே v = 2u. சூத்திரத்தில் இட்டால் 1/(2u) + 1/u = 1/20; u = 30 செ.மீ. இது நாம் ஏற்கெனவே வரைந்த படம். விம்பம் நிமிர்ந்தது என்றால் m = +2; ஆகவே v = −2u. இப்போது −1/(2u) + 1/u = 1/20; u = 10 செ.மீ. இது குவியத்துக்கு உள்ளே வைத்த படம். விம்பம் பின்னால் 20 செ.மீ.இல். முகச்சவரம் செய்யும்போது முகம் பெரிதாகத் தெரியும் கண்ணாடி இந்த இரண்டாவது நிலையில்தான் வேலை செய்கிறது. குறி இல்லாமல் "2" என்று மட்டும் எழுதியவருக்கு இந்த இரண்டாவது விடை கண்ணிலேயே படாது.

இங்கே இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். தெரிந்த கணியங்களுக்கு மட்டும் குறியிட வேண்டும். தெரியாத v இற்கு நாமாகக் குறியிட்டுச் சூத்திரத்துக்குள் அனுப்பக்கூடாது. "விம்பம் பின்னால்தானே வரும்" என்று ஊகித்து −v என்று எழுதிவிட்டு, வரும் விடையின் குறியை மறுபடியும் வாசிப்பவர்கள் ஒரே குறியை இருமுறை எண்ணுகிறார்கள். இரு மடங்குக் கேள்வியில் m இன் குறியைத் தெரிந்தெடுத்தோமே என்றால், அது தலைகீழா நிமிர்ந்ததா என்ற நிபந்தனையை நாமே வைத்ததால். அது ஊகம் அல்ல.

ஓர் ஊசியும் பகல் வெளிச்சமும்

1990களின் முற்பாதியில் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தல் விளக்கில் படித்த தலைமுறைக்கு, பகலில் செய்யும் ஒரு பரிசோதனை மிகவும் பொருந்தும். அதற்கு மின்குமிழ் வேண்டாம், பற்றறி வேண்டாம். ஒரு குழிவாடி, ஒரு நீண்ட ஊசி, அதைக் குத்தி நிறுத்த ஒரு தக்கை போதும்.

முதலில் ஆடியைத் தூரத்துப் பனைமரத்தை நோக்கிப் பிடித்து, ஒரு வெள்ளைத் தாளை முன்னும் பின்னும் நகர்த்தினால், ஓரிடத்தில் பனையின் தலைகீழ் விம்பம் தெளிவாக விழும். ஆடியிலிருந்து தாளுக்குள்ள தூரமே ஏறத்தாழக் குவியத்தூரம். (சூரியனை நோக்கிப் பிடிக்கக்கூடாது. தாளும் எரியும், கண்ணும் போகும்.) அடுத்து, அந்தத் தூரத்தின் இரு மடங்கு தூரத்தில் ஊசியை நிறுத்தி, இன்னும் பின்னால் நின்று ஒரு கண்ணால் பார்க்க வேண்டும். ஊசியின் தலைகீழ் விம்பம் ஊசியின் நுனியை நுனியால் தொடுவதுபோலத் தெரியும். தலையை இடமும் வலமும் அசைக்கவும். ஊசியோடு ஒப்பிடும்போது விம்பம் தலை போகும் திசையிலேயே நகர்ந்தால், விம்பம் கண்ணுக்குத் தொலைவில், அதாவது ஆடிக்குக் கிட்ட இருக்கிறது; ஊசியை ஆடியை நோக்கிச் சற்று நகர்த்த வேண்டும். எதிர்த்திசையில் நகர்ந்தால் ஊசியை ஆடியிலிருந்து விலக்க வேண்டும். தலையை எப்படி அசைத்தாலும் இரண்டு நுனியும் பிரியாமல் நிற்கும் இடமே வளைவு மையம். அந்தத் தூரத்தின் பாதி குவியத்தூரம். பனைமர முறையைவிட இது நுணுக்கமானது.

இவ்வாறு f ஐக் கண்டபிறகு எமது கணக்கையும் கண்ணால் பார்க்கலாம். இருட்டிய பிறகு, குவியத்தூரத்தின் ஒன்றரை மடங்கு தூரத்தில் ஒரு விளக்கை வைத்து, விளக்கு மறைக்காதபடி ஆடியைச் சற்றுத் திருப்பி, மூன்று மடங்கு தூரத்தில் தாளைப் பிடித்தால், சுடரின் விம்பம் தலைகீழாக இரு மடங்கு பெரிதாக விழும். 20 செ.மீ. ஆடி என்றால் விளக்கு 30இல், தாள் 60இல். 12 செ.மீ.இல் தாளைப் பிடித்தால் ஒளி படும், ஆனால் சுடரின் வடிவம் வராது.

அன்று மாலை அந்த வீட்டில் முகச்சவரக் கண்ணாடியும் மெழுகுதிரியும்தான் இருந்தன. கண்ணாடியின் குவியத்தூரம் வேறு. தூரங்களும் அதற்கேற்ப மாறின. ஆனால் ஒன்றரை மடங்கு, மூன்று மடங்கு என்ற விகிதம் மாறவில்லை. சுவரில் தலைகீழாக எரிந்த சுடரைத் தகப்பன்தான் முதலில் கண்டார். "உந்தா, கவிண்டு கிடக்கு" என்றார்.

பிள்ளை பயிற்சித்தாளின் தலைப்புக்குக் கீழே ஒரு வரி எழுதினாள்: "தூரங்கள் முனைவிலிருந்து, ஆடியின் முன்பக்கம் நேர், பின்பக்கம் மறை." அதன் பக்கத்தில் ஒரு சிறிய ஆடியை வரைந்து, ஒரு பக்கம் + என்றும் மறுபக்கம் − என்றும் குறித்தாள். பிறகு ஏழு கேள்விகளையும் முதலிலிருந்து செய்தாள். ஒவ்வொன்றுக்கும் முதலில் படம், பிறகு கணக்கு. ஆறாவது கேள்வியில் படமும் கணக்கும் ஒத்துவரவில்லை. என்னிடம் கேட்காமலே மேலே எழுதிய வரியைப் பார்த்தாள். F இன் குறியை வெட்டித் திருத்தினாள்.